சாதா டி-ஷர்ட் படத்தில் மார்புப் பாக்கெட் தைப்பது

பாக்கெட் இல்லாத ரவுண்ட் நெக் டி-ஷர்ட் படம் ஒன்று கையில் இருக்கிறது. அதே சட்டை மார்புப் பாக்கெட்டும் ஒரு பட்டனும் வைத்தால் எப்படி இருக்கும் என்று பையர் பார்க்க வேண்டும். சாம்பிள் தைத்து வர நாளாகும், படம் இன்றைக்கே போக வேண்டும். திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்குப் படம் திருத்திக் கொடுக்கிற என்னைப் போன்றவர்களுக்கு அடிக்கடி வரும் வேலை இது. போன வாரம் செய்த ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை எழுதி வைக்கிறேன். போட்டோஷாப்பில் செய்தது. மெனு பெயர்களைத் திரையில் இருக்கிறபடியே கொடுத்திருக்கிறேன்.

சட்டை கிரே மெலாஞ்ச், அதாவது கறுப்புப் புள்ளிகள் கலந்த சாம்பல்; 180 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்ஸி பனியன் துணி. வெள்ளை மேசையில் விரித்து நேர் மேலிருந்து எடுத்த படம், 4000-க்கு 6000 பிக்சல். அக்குளிலிருந்து வயிற்றுப் பக்கம் சாய்வாக ஒரு பெரிய மடிப்பு ஓடுகிறது. பாக்கெட் வர வேண்டிய இடத்தின் கீழ் மூலையை அது தொட்டுக்கொண்டு போகிறது. சில பேர் இந்த மடிப்பை முதலில் அழித்துவிட்டுத்தான் பாக்கெட்டை வைப்பார்கள். நான் அழிக்க மாட்டேன். பாக்கெட் அந்தத் துணிமேல்தான் இருக்கிறது என்று பார்ப்பவரை நம்ப வைப்பது அந்த மடிப்புதான்.

முதல் வேலை அளவு. பேட்டர்ன் மாஸ்டரிடம் கேட்டேன். பாக்கெட் அகலம் 11 செ.மீ., உயரம் 13, வாய் மடிப்பு இரண்டரை, ஓரத் தையல் விளிம்பிலிருந்து 2 மி.மீ. உள்ளே. சட்டையின் மார்பு அகலம் விரித்த நிலையில் 52 செ.மீ. படத்தில் அதே இடத்தை Ruler Tool வைத்து அளந்தால் 2080 பிக்சல். ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 40 பிக்சல், ஒரு மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். இந்தக் கணக்கு கையில் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் கண்திட்டத்தில் அல்லாமல் அளந்தே போடலாம். பாக்கெட் 440-க்கு 520 பிக்சல். வாய் மடிப்பு 100 பிக்சல். ஓரத் தையல் விளிம்பிலிருந்து 8 பிக்சல் தள்ளி.

தையலுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு 12 தையல் என்றால் ஒரு தையலின் நீளம் 2 மில்லிக்குக் கொஞ்சம் மேல், படத்தில் எட்டரை பிக்சல். நூலின் தடிமன் கால் மில்லி இருக்கும், அதாவது ஒரே ஒரு பிக்சல். ஆனால் இணையத்தில் கிடைக்கிற தையல் பிரஷ்களை எடுத்து வரைபவர்கள் மூன்று நான்கு பிக்சல் தடிமனில் பளிச்சென்று கோடு கோடாகப் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்குப்படி அது முக்கால் மில்லிக்கு மேல் தடித்த நூல். பனியன் துணியில் யாரும் அப்படித் தைப்பதில்லை, அதனால்தான் பார்த்தவுடன் ஸ்டிக்கர் ஒட்டியது போல் இருக்கிறது. மாஸ்டர் சாம்பிள் துண்டு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார்: "சிங்கர்ல ஓரம் போட்டா நூலு எங்க தம்பி தெரியுது? துணி அமுங்கி நிக்கிறதுதான் தெரியுது. அதைப் போடுங்க." முழு வேலையும் இந்தப் பேச்சின் மேல்தான் நிற்கிறது.

அடுத்து வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இதைப் படமே சொல்லிவிடும். கழுத்து ரிப் விளிம்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கமும் மேல் பக்கமும் மெல்லிய வெளிச்சக் கோடு, வலது கீழ்ப் பக்கம் மெல்லிய இருட்டு. கை மடிப்பிலும் அதேதான். ஆக இடது மேலிருந்து ஒரு பெரிய மென்மையான விளக்கு. அந்த ரிப் விளிம்பின் இருட்டு எத்தனை பிக்சல் அகலம், எவ்வளவு கறுப்பு என்பதையும் குறித்துக்கொண்டேன். பாக்கெட்டின் நிழலுக்கு அதுதான் அளவுகோல்.

இப்போது துணி. பாக்கெட்டுக்கான துணியை அதே சட்டையின் கீழ்ப் பகுதியில், மடிப்பில்லாத இடத்திலிருந்து எடுத்தேன். வேறு படத்திலிருந்து எடுத்தால் மெலாஞ்சின் புள்ளிகள் அளவில் மாறிப் போகும், கேமராவின் மணல்போன்ற நாய்ஸும் பொருந்தாது. எடுக்கும்போது திருப்பக் கூடாது. சட்டையில் பின்னல் வரிகள் மேலிருந்து கீழாக ஓடுகின்றன, பாக்கெட்டும் நீளவாக்கில்தான் வெட்டப்படும். அப்படியே தூக்கி மேலே வைத்தாலும் சரியாக வராது, ஏனென்றால் வயிற்றுப் பக்கத்தின் வெளிச்சமும் அதோடு சேர்ந்து வந்துவிடும். துணியின் இழை அங்கிருந்து வேண்டும், ஒளியும் மடிப்பும் பாக்கெட் வரும் இடத்திலிருந்து வேண்டும். இரண்டையும் பிரித்துச் சேர்த்தால் போதும்.

அதற்கு மூன்று லேயர். முதலில் பாக்கெட் வடிவத்தை Pen Tool-ஆல் வரைந்து தனி லேயரில் சாதாரண நிறத்தால் நிரப்பினேன். கீழ் மூலைகளைக் கத்திபோல் கூராக விடாமல் ஒரு மில்லி அளவுக்கு மழுக்கினேன். துணியை உள்ளே மடித்துத் தைத்தால் மூலை அப்படித்தான் வரும். அதன் மேல், சட்டையில் அதே இடத்தின் நகலை Gaussian Blur 25 பிக்சலில் மங்கலாக்கி, வடிவத்துக்குள் மட்டும் தெரியும்படி Clipping Mask ஆக வைத்தேன். இதில் இழை எதுவும் இல்லை, ஒளியும் பெரிய மடிப்பும் மட்டும் இருக்கின்றன. அதன் மேல் சட்டையின் கீழ்ப் பகுதியிலிருந்து எடுத்த துணித் துண்டு, இதுவும் Clipping Mask, Filter > Other > High Pass, 12 பிக்சல், கலப்பு முறை Linear Light, Opacity 50%. இங்கே Fill-ஐக் குறைக்காமல் Opacity-யைத்தான் குறைக்க வேண்டும். Linear Light-இல் இரண்டும் ஒரே பலனைத் தராது.

மங்கலுக்கு 25, இழைக்கு 12 என்று வேறு வேறு எண் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பாக்கெட் இருக்கும் இடத்தில் துணி இரண்டு அடுக்கு, வாயிலும் ஓரங்களிலும் மூன்று. அடுக்கு கூடினால் விறைப்பும் கூடும். சட்டையின் சின்னச் சின்னச் சுருக்கங்கள் பாக்கெட்டின் மேல் ஏறி வராது, பெரிய மடிப்பு மட்டும் கொஞ்சம் அகன்று, மென்மையாகி வரும். நடுத்தர அளவுள்ள சுருக்கங்கள் இந்த 25-க்கும் 12-க்கும் நடுவில் விழுந்து காணாமல் போகின்றன. இரண்டுக்கும் 12 கொடுத்துப் பாருங்கள், பாக்கெட் துணிமேல் அச்சடித்தது போலத் தெரியும்.

அடுத்து விளிம்பு வளைய வேண்டும். மடிப்பின் மேல் ஏறி இறங்கும் ஒரு நேர்க்கோடு, மேலிருந்து பார்த்தால் லேசாக நெளியும். இதற்கு Displace. சட்டைப் படத்தின் நகலை கிரேஸ்கேலாக்கி, Gaussian Blur 10 பிக்சல் கொடுத்து, அதே அளவில் தனி PSD கோப்பாகச் சேமித்தேன். எங்கே எவ்வளவு நகர்த்துவது என்று Displace பார்த்துக்கொள்ளும் வரைபடம் இதுதான். மெலாஞ்சுக்கு இந்த மங்கல் மிக அவசியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு கறுப்புப் புள்ளியும் விளிம்பை ஒரு பக்கம் இழுக்கும், பாக்கெட் ஓரம் ரம்பம் போல் பல் பல்லாக வரும். அப்படி வந்தால் வரைபடம் போதுமான அளவு மங்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். Displace வரைபடத்தில் 128 என்ற சாம்பல் இருக்கும் இடம் நகராது. அதைவிட வெளிச்சமான இடம் ஒரு பக்கம் நகரும், இருண்ட இடம் எதிர்ப் பக்கம் நகரும். வெளிர் சாம்பல் சட்டையின் சமமான பகுதி 170 சுமாருக்கு இருக்கும். அப்படியே கொடுத்தால் மடிப்பே இல்லாத இடத்தில்கூட பாக்கெட் மொத்தமாக இடம் மாறிப் போகும். அதனால் Levels-இல் நடு முள்ளை நகர்த்தி, மடிப்பில்லாத மார்புப் பகுதி 128 காட்டும்படி வைத்துவிட்டுச் சேமித்தேன். Info பேனலில் K சதவீதம் தெரிந்தால் 50% என்பதுதான் 128. அளவு இரண்டு பக்கமும் 4. நூறு கொடுத்தால் 128 பிக்சல் நகரும் என்பது கணக்கு, ஆக 4-க்கு அதிகபட்சம் ஐந்து பிக்சல், ஒரு மில்லியைச் சற்றுத் தாண்டும். பனியன் துணிக்கு அது போதும். வடிவ லேயருக்கும், பின்னால் வரும் தையல் லேயர்களுக்கும் ஒரே வரைபடம், ஒரே எண். இல்லாவிட்டால் தையல் ஒரு பக்கமும் விளிம்பு ஒரு பக்கமும் போகும். இழை லேயருக்கு நான் Displace கொடுக்கவில்லை. மெலாஞ்சில் வளைவது கண்ணுக்குத் தெரியாது. கோடு போட்ட துணி என்றால் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

இனி தையல். இதை நூலில் தொடங்காமல் பள்ளத்தில் தொடங்கினேன். விளிம்பிலிருந்து 8 பிக்சல் உள்ளே ஒரு பாதை வரைந்து, அதன் மேல் 6 பிக்சல் மென்மையான பிரஷால் அடர் சாம்பலில் ஒரு கோடு, Multiply, 18%. அதற்கு வலது கீழாக ஒரு பிக்சல் தள்ளி வெளிச்சமான கோடு, Screen, 10%. வெளிச்சம் இடது மேலிருந்து வருவதால் பள்ளத்தின் வலது கீழ்ச் சரிவுதான் விளக்கைப் பார்த்து நிற்கும், அதனால் அங்கே வெளிச்சம். இந்த இரண்டு கோடுகளிலேயே தைத்த மாதிரி பாதி வந்துவிட்டது, நூல் இன்னும் போடவே இல்லை.

பிறகு ஊசித் துளைகள். எட்டு ஒன்பது பிக்சலுக்கு ஒரு கறும்புள்ளி, ஒன்றரை பிக்சல் அளவு, 35%. பிரஷின் Spacing-ஐக் கூட்டி, அதே பாதையில் Stroke Path கொடுத்தால் வரிசையாக விழும். அதற்கப்புறம்தான் நூல்: துளைக்குத் துளை நடுவில் ஒரு பிக்சல் கோடு, துணியைவிடக் கொஞ்சம் வெளிர் நிறம், 50%. நூல் கோடு துளையைத் தொடாமல் இரண்டு பக்கமும் ஒரு பிக்சல் இடைவெளி விட வேண்டும், ஏனென்றால் நூல் அங்கே துணிக்குள் இறங்கிவிடுகிறது. கை மடிப்பில் ஏற்கெனவே பேட்லாக் தையல் இருக்கிறதே, அதை க்ளோன் செய்தால் வேலை முடிந்ததே என்று தோன்றும். அது இரட்டை வரிசை, பாக்கெட் ஓரம் ஒற்றை. ஒரு வரிசையை மட்டும் வெட்டி எடுக்கலாம், ஆனால் அதன் இரு பக்கமும் துணி புடைத்திருப்பது வேறு மாதிரி. நான் அதை நிறமும் தடிமனும் சரிபார்க்க மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

கடைசியில் சுருக்கம். பனியன் துணி இழுபடும், நூல் இழுபடாது. அதனால் தையலுக்குக் குறுக்காக, விளிம்புக்கும் தையலுக்கும் நடுவிலுள்ள அந்த 8 பிக்சல் பட்டையில் மெல்லிய அலைகள் எழும். 50% சாம்பல் நிரப்பிய Soft Light லேயர் ஒன்று, 10 பிக்சல் பிரஷ், 4% Flow. கறுப்பு வெள்ளையாக மாற்றி மாற்றிச் சின்னத் தீற்றல்கள். இதைச் சம இடைவெளியில் போடவே கூடாது. ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமலும் விட வேண்டும். கீழ் மூலைகளிலும் வாயின் இரு முனைகளிலும் கூடுதலாகப் போட்டேன், கெட்டித் தையல் விழும் இடங்கள் அவை. மூலைகளிலிருந்து பாக்கெட்டுக்கு வெளியே சட்டைத் துணியிலும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்கு இழுப்புக் கோடுகளை மிக லேசாகத் தீட்டினேன். பாக்கெட்டுக்குள் மட்டும் வேலை பார்த்துவிட்டு வெளியே தொடாமல் விட்டால் சட்டைக்கு அது தன்மேல் தைக்கப்பட்டதே தெரியாதது போல் இருக்கும்.

நிழலில்தான் பலரும் Drop Shadow-வைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பதினைந்து இருபது பிக்சல் மங்கலோடு நான்கு பக்கமும் படர்கிற அந்த நிழல், பாக்கெட் சட்டைக்கு மேல் அரை சென்டிமீட்டர் மிதப்பதாகச் சொல்கிறது. தைத்து இஸ்திரி போட்ட ஓரத்தின் உயரம் சுமார் ஒரு மில்லி. விளக்கு சாய்வாக இருந்தாலும் நிழல் மூன்று நான்கு பிக்சலைத் தாண்டாது. வலது பக்கத்துக்கும் கீழ்ப் பக்கத்துக்கும் மட்டும் 3 பிக்சல் நிழல் போட்டேன். கறுப்பில் போடாமல், சட்டையின் மிக இருண்ட மடிப்பிலிருந்து நிறத்தை எடுத்து Multiply. கழுத்து ரிப்பின் இருட்டுக்குச் சமமாக வரும்வரை Opacity-யைக் கூட்டிக் குறைத்ததில் 40%-இல் நின்றது. இடது பக்கத்துக்கு நிழலே இல்லை. அங்கே விளிம்பின் மேல் ஒரு பிக்சல் வெளிச்சம்.

பாக்கெட் வாய்க்கு வேறு விதி. அது தைக்கப்படாத ஓரம், துணி கொஞ்சம் எழும்பி நிற்கும். வெளிச்சம் மேலிருந்து வருவதால் வாய் விளிம்பில் வெளிச்சக் கோடுதான் விழும், அதற்கு மேலுள்ள சட்டைத் துணியில் நிழல் விழாது. விளிம்பை ஒட்டி, துணியும் துணியும் பிரியும் இடத்தில் ஒரு கறுத்த கோடு மட்டும் தெரியும். அந்தக் கோடு முழு நீளத்துக்கும் ஒரே தடிமனாக இருக்காது. சாதாரணப் பாக்கெட்டில் இரு முனைகளிலும் ஒன்றுமில்லாமல் தொடங்கி நடுவில் 5, 6 பிக்சல் வரை அகலும். இந்தப் பாக்கெட்டுக்கு நடுவில் பட்டன் உண்டு, அது நடுவிலும் பிடித்துக்கொள்கிறது. அதனால் கோடு இரண்டு துண்டு வில்லாக மாறும்: முனையில் மெலிந்து, பாதி வழியில் 3 பிக்சல் அகன்று, பட்டன் அருகே மறுபடி மெலியும். வாய் விளிம்பின் வடிவத்தையும் Warp வைத்து அதேபோல் இரண்டு மெல்லிய வளைவாக்கினேன். பட்டன் பிடித்திருப்பதைக் காட்டுவது பட்டனைவிட இந்த இரண்டு வில்கள்தான்.

பட்டனை வரையாமல் அசல் பட்டனையே படமெடுத்தேன். 18 லைன், நான்கு துளை. ஒரு லைன் 0.635 மி.மீ., ஆக விட்டம் 11.4 மி.மீ., படத்தில் 46 பிக்சல். சட்டை கிடந்த அதே மேசை, அதே விளக்கு. வெட்டி எடுத்த பின் அதைத் திருப்பவே கூடாது. பளபளப்பு விளக்கு இருந்த பக்கத்தில்தான் இருக்க வேண்டும், திருப்பினால் அதுவும் சேர்ந்து திரும்பிவிடும். துளைகள் சாய்வாக வேண்டுமென்றால் மேசையிலேயே சாய்த்து வைத்து எடுக்க வேண்டும். பட்டனின் தடிமனும் அடியிலுள்ள நூலும் சேர்ந்து மூன்று மில்லி உயரம் வரும், அதனால் அதன் நிழல் பத்துப் பன்னிரண்டு பிக்சல். பாக்கெட் ஓர நிழலைவிட மூன்று மடங்கு நீளம், வெளிப்புறம் மென்மை, அடியில் ஒட்டும் இடத்தில் அடர்த்தி. ஒரே நிழல் அமைப்பை இரண்டுக்கும் நகலெடுத்தால் ஏதாவது ஒன்று பொய்யாகத் தெரியும். காஜா செங்குத்தாக 14 மில்லி, எனவே பட்டனுக்கு மேலும் கீழும் ஒரு மில்லிக்குச் சற்று அதிகமாகக் காஜாவின் முனைகள் எட்டிப் பார்க்கும். ஐந்து பிக்சல்தான், ஆனால் அது இல்லாவிட்டால் பட்டன் வெறும் அலங்காரமாகத் துணிமேல் உட்கார்ந்திருக்கும். இது விரித்து வைத்த சட்டை என்பதால் பட்டனைக் காஜாவின் நடுவில் வைத்தேன். பொம்மையில் மாட்டிய சட்டை என்றால் பாக்கெட் கீழே தொங்கும், பட்டன் காஜாவின் மேல் முனைக்குப் போய்விடும்.

முடிந்ததும் சோதனைக்கு எல்லாவற்றுக்கும் மேல் ஒரு Curves லேயர் வைத்து, கோட்டை மூன்று நான்கு முறை மேலும் கீழும் வளைத்துவிட்டேன். நிறங்கள் கோரமாக மாறும், ஆனால் ஒட்டு வேலை எங்கே என்று அதில் காட்டிக்கொடுத்துவிடும். பாக்கெட்டின் வலது கீழ் மூலையில் சட்டையின் மடிப்பு ஒரு நிறப் பட்டையாக ஓடி, பாக்கெட் விளிம்பில் சட்டென்று உடைந்தது. மங்கலாக்கியதில் மடிப்பின் இருட்டு குறைந்திருக்கிறது. அந்த மூலையில் மட்டும் Soft Light லேயரில் லேசாக இருட்டைச் சேர்த்ததும் பட்டை தொடர்ந்தது. பிறகு அந்த Curves லேயரை அணைத்துவிட்டு, படத்தை இடம் வலமாகத் திருப்பி 25%-இலும் 100%-இலும் பார்த்தேன். 25%-இல் நூல் தெரியக் கூடாது, பள்ளம் மட்டும் தெரிய வேண்டும். அசல் சட்டையின் கை மடிப்பும் அப்படித்தான் தெரிகிறது.

ஜிப்புக்கு இந்த முறை அப்படியே ஒத்து வராது. Displace கொடுத்தால் ஜிப்பின் பற்கள் ஓரிடத்தில் நெருங்கி, ஓரிடத்தில் விலகிவிடும். அசலில் அவை எங்கேயும் ஒரே இடைவெளியில்தான் இருக்கும், ஜிப் நாடா நீளவாக்கில் இழுபடாது. ஆகவே ஜிப்பை நேராகப் படமெடுத்து, Puppet Warp-இல் நீளம் மாறாமல் பெரிய மென்மையான அலைகளாக மட்டும் வளைக்க வேண்டும். சின்ன மடிப்புகள் அனைத்தும் நாடாவுக்குப் பக்கத்திலுள்ள துணியில் குறுக்குச் சுருக்கங்களாக வர வேண்டும்.

இதே சட்டைக்கு கறுப்பு நிறமும் கேட்டார்கள். மெலாஞ்ச் படத்தின் நிறத்தை மாற்றிக் கறுப்பாக்க முடியாது, புள்ளிகள் தெரியும். கறுப்புச் சட்டையைத் தனியாக எடுத்த படத்தில்தான் லேயர்களை இறக்கினேன். கறுப்பில் Multiply நிழலுக்கு வேலையே இல்லை, ஏற்கெனவே இருட்டாக இருப்பதை இன்னும் இருட்டாக்கிப் பலனில்லை. அங்கே பாக்கெட்டைக் காட்டுவது வெளிச்சம்தான்: இடது ஓரத்திலும் வாயிலும் ஒரு பிக்சல் சாம்பல் கோடு, தையல் பள்ளத்தின் வலது கீழ்ச் சரிவில் Screen 10%-ஐ 22% ஆக்கியது, கெட்டித் தையல் இடங்களில் சின்ன மினுக்கம். நூல் லேயரை அணைத்தே விட்டேன். இரண்டு படத்தின் கீழும் "மாதிரிப் படம், பாக்கெட் கணினியில் சேர்த்தது" என்று பையருக்குப் புரியும்படி எழுதச் சொல்லி மெர்ச்சண்டைசருக்கு அனுப்பினேன். விற்பனைப் பக்கத்துக்கு வேண்டிய படத்தை, சாம்பிள் தைத்து வந்ததும் அதே மேசையில் அதே விளக்கில் எடுத்துக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.